ஒரே வாடகை வீடு, மூன்று திட்டங்கள்: வாடகையையும் கரண்ட் பில்லையும் எப்படிப் பிரிப்பது?

*"கிளிநொச்சியில் ஒரு வாடகை வீட்டில் மூன்று திட்டங்களை நடத்துகிறோம். இதுவரை வாடகையையும் கரண்ட் பில்லையும் மூன்றாகப் பிரித்துப் போட்டு வந்தோம். இந்த முறை கணக்காய்வாளர் 'எந்த அடிப்படையில்?' என்று எழுதிக் கேட்டுவிட்டார். அறையின் பரப்பளவில் பிரிப்பதா, ஆட்களின் நேரத்தில் பிரிப்பதா? குடிநீர்த் திட்டம் ஜூனில் முடிகிறது. அதற்குப் பிறகு அதன் பங்கை யார் தலையில் போடுவது?"*

வாடகைக்குப் பரப்பளவு, கரண்ட் பில்லுக்கு ஆட்களின் நேரம். ஆனால் நேரம் என்று நான் சொல்வது சம்பளப் பட்டியலில் உள்ள நேரத்தை அல்ல, அந்த வீட்டுக்குள் இருந்த நேரத்தை. ஜூனுக்குப் பிறகு வரும் பங்கில் ஒரு பகுதியை மற்றத் திட்டங்கள் ஏற்கலாம். மீதியை உங்கள் நிறுவனம்தான் தன் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும். எந்தப் பகுதி யாருக்கு என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன்.

மூன்றாகப் பிரித்ததில் கணக்காய்வாளர் கண்ட குறை எதுவாக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஒரு செலவை ஒரு திட்டத்தின் கணக்கில் எழுதினால், அந்தச் செலவால் அந்தத் திட்டம் அந்த அளவுக்குப் பயனடைந்தது என்று சொல்வதாக அர்த்தம். இரண்டு பேர் இருக்கும் சிறிய அறையும், பம்புகளும் குழாய்களும் அடுக்கிய களஞ்சியமும் ஒரே பங்கைச் சுமப்பதற்கு நியாயம் சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பணிப்பாளரும் கணக்காளரும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஆனால் உங்கள் மூன்று பங்கில் அவர்கள் இல்லை. அவர்களுடைய அறையின் வாடகையை நீங்கள் சத்தமில்லாமல் மூன்று நிதி வழங்குநர்களிடமும் வாங்கியிருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டின் அளவு என் கையில் இல்லாததால் ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்கிறேன். ஏ-9 வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே, மாத வாடகை 80,000 ரூபாய். வாழ்வாதாரத் திட்டம், முன்பள்ளித் திட்டம், குடிநீர்த் திட்டம் என்று மூன்று, அவற்றோடு நிர்வாகம்.

முதல் வேலை அளவு நாடாவோடு வீட்டைச் சுற்றுவது. இரண்டு பேர் போங்கள், ஒருவர் பிடிக்க மற்றவர் எழுதட்டும். சுவரின் உட்பக்கத்திலிருந்து உட்பக்கத்துக்கு அளந்து, ஒரு தாளில் வீட்டின் கோட்டுப்படத்தைக் கீறி, ஒவ்வொரு அறைக்குள்ளும் சதுர அடியையும் அங்கே இருப்பது யார் என்பதையும் எழுதி, திகதியிட்டு இருவரும் கையொப்பமிடுங்கள். கணக்காய்வாளர் கேட்கும் 'அடிப்படை' இந்த ஒரு தாளில்தான் தொடங்குகிறது. வன்னியில் இதில் ஒரு சிக்கல் வரும். வீட்டுக்காரர் கனடாவிலோ சுவிஸிலோ இருப்பார், தன் தளபாடங்களை ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிட்டுப் போயிருப்பார். அந்த அறை உங்கள் பாவனையில் இல்லை, எனவே மொத்தப் பரப்பளவில் அதைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் வாடகையில் ஒரு துண்டு எந்தத் திட்டத்துக்கும் உரியதாகாமல் தொங்கும். மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் வெளி விறாந்தையையும் நான் சேர்ப்பதில்லை. எல்லோரும் நிறுத்தும் இடம் அது, சேர்த்தாலும் விகிதம் பெரிதாக மாறாது. சேர்ப்பதோ விடுவதோ, வருடம் முழுவதும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும்.

அளந்தபோது கிடைத்தது இது என்று வைத்துக்கொள்வோம். வாழ்வாதார அறை 320 சதுர அடி. முன்பள்ளித் திட்ட அறை 200. குடிநீர்த் திட்டத்துக்கு அறை 180, களஞ்சியம் 100, ஆக 280. நிர்வாக அறை 200. கூட்டம் நடக்கும் ஹோல், குசினி, நடைபாதை, மலசலகூடம் எல்லாம் சேர்ந்து பொதுவிடம் 600. மொத்தம் 1,600 சதுர அடி. வாடகை 80,000 என்றால் சதுர அடிக்கு 50 ரூபாய்.

பொதுவிடத்தின் 600 சதுர அடிக்கு 30,000 ரூபாய் வருகிறது. இதை யார் கட்டுவது? பலர் இதை மூன்று திட்டங்களுக்கும் சமமாகப் போட்டுவிடுவார்கள், அங்கேயே பழைய பிழை திரும்பி வந்துவிடும். தனியிடம் எந்த விகிதத்தில் இருக்கிறதோ, அதே விகிதத்தில் பொதுவிடத்தையும் பிரியுங்கள். நிர்வாகத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பணிப்பாளரும் அதே ஹோலில் கூட்டம் வைக்கிறார், அதே குசினியில் தேநீர் குடிக்கிறார். தனியிடங்களின் கூட்டுத்தொகை 1,000 சதுர அடி. ஆகவே கணக்கு இப்படி விழும்:

| யார் | தனியிடம் (ச.அடி) | பங்கு | மாத வாடகை (ரூ.) |
|---|---|---|---|
| வாழ்வாதாரம் | 320 | 32% | 25,600 |
| முன்பள்ளி | 200 | 20% | 16,000 |
| குடிநீர் | 280 | 28% | 22,400 |
| நிர்வாகம் | 200 | 20% | 16,000 |
| மொத்தம் | 1,000 | 100% | 80,000 |

மூன்றாகப் பிரித்தபோது ஒவ்வொரு திட்டமும் 26,667 ரூபாய் கட்டியது. முன்பள்ளித் திட்டத்திடம் மட்டும் மாதத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கூடுதலாக வாங்கியிருக்கிறீர்கள். அந்த நிதி வழங்குநருடைய கணக்காய்வாளர் இதைக் கண்டுபிடித்தால் பன்னிரண்டால் பெருக்கித்தான் திருப்பிக் கேட்பார்.

எக்செல்லில் போடும்போது பங்கை வீதமாகத் தட்டச்சுச் செய்யாதீர்கள். சதுர அடியைப் போட்டு, வீதத்தை அதுவே கணக்கிட விடுங்கள். `B2` இல் மாத வாடகையும் `C5` முதல் `C8` வரை சதுர அடியும் இருந்தால்:

```
=ROUND($B$2*C5/SUM($C$5:$C$8),2)
```

கடைசி வரியில் மட்டும் இந்தச் சூத்திரத்தைப் போடாமல், மொத்தத்திலிருந்து மற்ற மூன்றையும் கழித்து மீதியைப் போடுங்கள். சத வேறுபாடு அங்கே அடங்கிவிடும், கூட்டுத்தொகை எப்போதும் வாடகைப் பற்றுச்சீட்டோடு ஒத்துப்போகும்.

நிர்வாகத்தின் 16,000 ரூபாயை என்ன செய்வது என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தத்தான் கூடாது. சில நிதி வழங்குநர்கள் நேரடிச் செலவுக்கு மேலாக நிர்வாகச் செலவுக்கென்று ஒரு வீதம் தருவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளிநாட்டு உதவி ஒப்பந்தங்களில் இது வழக்கமாக 7 வீதம் வரை. அமெரிக்க அரச நிதியில், அரசோடு பேசித் தீர்த்த வீதம் ஒன்று இல்லாத நிறுவனங்கள் 10 வீதம் வரை கேட்கலாம் என்றிருந்தது, 2024 ஒக்டோபரிலிருந்து அது 15 வீதமாகியது. ஒரு திட்டத்திடமிருந்து அப்படி வீதம் வாங்கினால், பணிப்பாளருடைய அறை வாடகை அந்த வீதத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அந்தத் திட்டத்துக்கு அதே 16,000 இல் ஒரு பங்கை நேரடிச் செலவாகவும் எழுதினால் ஒரே செலவை இரண்டு தரம் வாங்கியதாகிவிடும். வீதம் தராத நிதி வழங்குநர் என்றால், அந்தத் திட்டத்துக்குரிய நிர்வாகப் பங்கைப் பாதீட்டில் வெளிப்படையாக ஒரு வரியாகக் காட்டி, அவர் சம்மதத்தோடு வாங்கலாம்.

இனி கரண்ட் பில். பரப்பளவு இங்கே பொருந்தாது என்பதைக் களஞ்சியத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும். குழாய்கள் கிடக்கும் 100 சதுர அடியில் ஒரு மின்குமிழ்தான், அதுவும் கதவு திறக்கும்போது மட்டும் எரிவது. மின்சாரத்தைச் செலவழிப்பவர்கள் ஆட்கள். மின்விசிறி, கணினி, பிரிண்டர், கேத்தல் எல்லாம் ஆள் இருந்தால்தான் ஓடும். எனவே ஆட்களின் நேரம்தான் பொருத்தம். இணையக் கட்டணத்துக்கும் அதே கணக்கைப் போடலாம். காவலாளியின் சம்பளத்தை நான் வாடகையோடு சேர்த்துப் பரப்பளவிலேயே போடுவேன், அவர் காப்பது இடத்தைத்தானே.

ஆனால் எந்த நேரம்? உங்களிடம் ஒன்பது அல்லது பத்துப் பேர் இருக்கலாம். நான் பத்துப் பேர் என்று எடுக்கிறேன்: வாழ்வாதாரத்தில் மூவர், முன்பள்ளியில் இருவர், குடிநீரில் மூவர், நிர்வாகத்தில் இருவர். மாதத்துக்கு இருபது வேலை நாட்கள். சம்பளப் பட்டியலின்படி 60, 40, 60, 40, மொத்தம் 200 ஆள்-நாட்கள். பில் 24,000 ரூபாய் என்றால் குடிநீர்த் திட்டம் 30 வீதம், அதாவது 7,200 ரூபாய் கட்ட வேண்டும். பார்ப்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது.

இப்போது வரவுப் பதிவேட்டையும் வாகன ஓட்டப் பதிவேட்டையும் பக்கத்தில் வையுங்கள். குடிநீர்த் திட்டத்தின் மூவரும் காலையில் கையொப்பம் வைத்துவிட்டு ஒட்டுசுட்டானுக்கோ புதுக்குடியிருப்புக்கோ போனால் பின்னேரம்தான் திரும்புகிறார்கள். மாதத்தில் மூவருமாகச் சேர்ந்து அலுவலக மேசையில் இருந்தது 14 ஆள்-நாட்கள்தான். வாழ்வாதாரம் 36, முன்பள்ளி 30, நிர்வாகம் முழுமையாக 40, மொத்தம் 120. இந்தக் கணக்கில் அதே 24,000 ரூபாய் வாழ்வாதாரத்துக்கு 7,200, முன்பள்ளிக்கு 6,000, குடிநீருக்கு 2,800, நிர்வாகத்துக்கு 8,000 என்று விழும். குடிநீர்த் திட்டத்தின் பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது. வாழ்வாதாரத்துக்கு மாற்றமே இல்லை. நிர்வாகத்தின் பங்குதான் 4,800 இலிருந்து 8,000 ஆக ஏறுகிறது, அதனால்தான் பல நிறுவனங்களுக்கு இந்தக் கணக்குப் பிடிப்பதில்லை. நிர்வாகத்துக்குத் தாராளமாகக் காசு தருகிறவர் குறைவு.

இந்த 'அலுவலக ஆள்-நாள்' முறைக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொருவரும் நாளுக்கு நாள் தான் எங்கே, எந்தத் திட்டத்துக்கு வேலை செய்தார் என்று எழுத வேண்டும். அரை நாளுக்குக் கீழே இறங்க வேண்டாம். மணிக்கணக்கில் எழுதச் சொன்னால் இரண்டாவது மாதமே கற்பனையில் எழுதத் தொடங்கிவிடுவார்கள். ஒருவரே பல திட்டங்களுக்கு வேலை செய்தால், உதாரணமாகக் கண்காணிப்பு உத்தியோகத்தர், அவருக்குத்தான் டைம்ஷீட் மிக அவசியம். சுகவீன லீவும் போயா விடுமுறையும் எந்த ஒரு திட்டத்துக்கும் தனியாகப் போகாது. அந்த மாதம் உழைத்த நாட்களின் விகிதத்தில் அவை தானாகப் பிரிந்துகொள்ளும்.

டைம்ஷீட் உண்மையானதா என்பதைக் கணக்காய்வாளர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று தெரிந்தால் அதை எப்படி எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அவர் முதலில் பார்ப்பது ஒரே மாதிரித் தெரியும் மாதங்களை. ஜனவரி 40-30-30, பெப்ரவரி 40-30-30, மார்ச்சும் அப்படியே என்றால் பாதீட்டில் எழுதிய வீதத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கிவிடும். அமெரிக்க அரச நிதி விதி (2 CFR 200.430) இதை நேராகவே சொல்கிறது: வேலைக்கு முன்பே போட்ட பாதீட்டு மதிப்பீடு மட்டும் ஆதாரமாகாது. இடையில் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் பிறகு உண்மை நேரத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும். வேறு நிதி வழங்குநர்கள் இதே வார்த்தையில் எழுதாவிட்டாலும் கணக்காய்வாளர்கள் இதே கண்ணோடுதான் பார்க்கிறார்கள். அவர் இரண்டாவதாகப் பார்ப்பது வாகன ஓட்டப் பதிவேட்டை. 'ஒட்டுசுட்டான் களப்பயணம்' என்று டைம்ஷீட்டில் இருக்கும், அன்று ஜீப் வவுனியாவில் கராஜில் நின்றிருக்கும். அவர் ஓட்டப் பதிவேட்டையும் டைம்ஷீட்டையும் அருகருகே வைத்தார் என்றால் கதை முடிந்தது. மாத முடிவில் ஒரே பேனையால் ஒரே மூச்சில் எழுதியதும் தெரிந்துவிடும், அதற்குப் பெரிய அனுபவம் வேண்டியதில்லை.

வன்னியில் மாரிக்கும் கோடைக்கும் இந்த விகிதம் வேறுபடும் என்பதையும் மனதில் வையுங்கள். ஒக்டோபர், நவம்பரில் மழை பிடித்துவிட்டால் குடிநீர்த் திட்டத்தின் ஆட்கள் கிணறு தோண்டப் போக முடியாது, மேசையில்தான் இருப்பார்கள். கோடையில் நிலத்தடி நீர் இறங்கியிருக்கும்போது தோண்டினால்தான் கிணறு வருடம் முழுவதும் நீர் தரும், அப்போது அவர்கள் ஆளையே காணக் கிடைக்காது. ஆகவே மார்ச் மாதத்தை மட்டும் மாதிரியாக எடுத்து வருடம் முழுவதும் அதையே போட்டால் பிழைக்கும். மாதாமாதம் போடச் சிரமமென்றால் காலாண்டுக்கு ஒரு தரம் போடுங்கள். அதற்கிடையில் முந்தைய காலாண்டின் விகிதத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தி, காலாண்டு முடிந்ததும் ஒரு திருத்தப் பதிவு போட்டால் போதும்.

ஏசி ஒன்று இருந்தால் இந்தக் கணக்கும் கவிழும். ஓர் அறையில் மட்டும் ஏசி ஓடினால் அந்த அறை, ஆட்களின் எண்ணிக்கைக்குச் சம்பந்தமில்லாமல் பில்லைத் தின்னும். ஏசியின் மின்சுற்றுக்கு ஒரு சிறிய உபமானி பொருத்தி, அது காட்டும் அலகை அந்த அறைக்குரியவர் மீது நேரடியாக எழுதிவிட்டு, மீதியை ஆள்-நாளில் பிரியுங்கள். மின்பணியாளர் ஒரு காலைப்பொழுதில் செய்துவிடுவார்.

இனி எனக்கு நேர்ந்தது. பல வருடங்களுக்கு முன் நான் கணக்காளராக இருந்த ஒரு நிறுவனத்தில் நான்கு திட்டங்கள். அதில் ஒன்றின் நிதி வழங்குநர் வாடகைக்கென்று ஒரு சதமும் தரவில்லை. 'அதற்குத்தான் காசே இல்லையே, பங்கும் வேண்டாம்' என்று அந்தத் திட்டத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டு, வாடகையை மற்ற மூன்றுக்கும் பிரித்தோம். வீட்டில் மிகப் பெரிய அறை அந்தக் காசில்லாத திட்டத்திடம்தான் இருந்தது. கணக்காய்வாளர் வந்தார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், கதவில் ஒட்டியிருந்த திட்டத்தின் பெயரை வாசித்தார், 'இது எந்தப் பேரேட்டில் இருக்கிறது?' என்று கேட்டார். நான் எந்தக் கணக்கையும் திறக்கத் தேவைப்படவில்லை. அந்த அறையின் பங்கை மூன்று நிதி வழங்குநர்களுக்கும் திருப்பிக் கொடுத்தோம், நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து.

ஆகவே பிரிக்கும் கணக்கில் வீட்டைப் பாவிக்கும் எல்லோரும் இருக்க வேண்டும், காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும். பங்கைக் கணக்கிடுவது ஒரு வேலை, அதை யார் கட்டுவது என்பது வேறு வேலை. காசில்லாத திட்டத்தின் பங்கு உங்கள் பொது நிதிக்குப் போகும். காசு மிச்சமிருக்கும் திட்டத்துக்கு அதைத் தள்ளுவதை எந்த நிதி வழங்குநரும் ஏற்பதில்லை. ஆண்டு முடிவில் ஒரு திட்டத்தில் மிச்சம் இருக்கிறது, இன்னொன்றில் துண்டு விழுகிறது என்று வாடகையை அங்கிருந்து இங்கு மாற்றுவதும் இதே பிழைதான். பேரேட்டில் டிசெம்பர் 31 ஆம் திகதியிட்ட பெரிய வாடகை மாற்றப் பதிவு ஒன்று இருந்தால் கணக்காய்வாளர் முதலில் அதைத்தான் இழுத்துப் பார்ப்பார்.

இப்போது உங்கள் ஜூன் விடயம். ஜூன் 30 உடன் குடிநீர்த் திட்டம் முடிகிறது, ஆனால் வீட்டு வாடகை ஜூலையிலும் 80,000 தான். எளிதான வழி, 280 சதுர அடியை எடுத்துவிட்டு மீதி 720 இல் பிரிப்பது. அப்படிச் செய்தால் வாழ்வாதாரத்தின் பங்கு 25,600 இலிருந்து 35,556 ஆக ஏறும். அந்த நிதி வழங்குநர் கேட்கும் முதல் கேள்வி: 'உங்கள் அறை பெரிதாகிவிட்டதா?' பெரிதாகவில்லை. பக்கத்து அறை வெறுமையாகக் கிடக்கிறது, அதன் வாடகையை அவரிடம் வாங்குகிறீர்கள், அவ்வளவுதான்.

நான் இரண்டாகப் பிரிப்பேன். வெறும் அறையும் களஞ்சியமும் 280 சதுர அடி, அடிக்கு 50 ரூபாய் வீதம் 14,000 ரூபாய். இது நிறுவனத்தின் பொது நிதிக்கு. பொதுவிடத்தின் 30,000 ரூபாயை மட்டும் இருக்கும் மூவருக்கும் 320, 200, 200 என்ற விகிதத்தில் பிரிக்கலாம். ஹோலையும் குசினியையும் இப்போது உண்மையாகவே அவர்கள் மட்டும்தான் பாவிக்கிறார்கள், எனவே அந்த ஏற்றத்துக்கு நியாயம் இருக்கிறது. வாழ்வாதாரத்துக்கு தன் அறைக்கு 16,000, பொதுவிடத்துக்கு 13,333, ஆக 29,333 ரூபாய். முன்பள்ளிக்கும் நிர்வாகத்துக்கும் தலா 18,333. பொது நிதியின் 14,000 ஐயும் கூட்டினால், ஒரு ரூபாய் வட்டமாக்கலைத் தவிர, 80,000 வந்துவிடும். இந்த ஏற்றத்தையும் ஜூலையில் அறிவிக்காமல், மே மாதமே இரண்டு நிதி வழங்குநர்களுக்கும் மேலே கண்ட கணக்கை இணைத்து எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பொது நிதியில் மாதம் 14,000 ரூபாய் இல்லையென்றால் கணக்கால் தீராது, வீட்டுக்காரரோடு பேசித்தான் தீர்க்க வேண்டும். அந்தப் பகுதியை வேறொரு நிறுவனத்துக்கு உள்வாடகைக்கு விடலாம், உடன்படிக்கை அதை அனுமதித்தால். இல்லாவிட்டால் வாடகையைக் குறைக்கும்படி கேட்கலாம், அல்லது உடன்படிக்கை முடியும்போது சிறிய வீட்டுக்கு மாறலாம். புதிய திட்டமொன்று செப்டெம்பரில் வருவது உறுதி என்றால் அது தொடங்கும் நாளிலிருந்து அந்த அறை அதன் தலையில் விழும், தொடங்கும் முன் ஒரு நாளுக்கும் விழாது.

வாடகையை ஒரு வருடத்துக்கு முற்பணமாகக் கட்டியிருந்தால் இன்னொரு பொறி இருக்கிறது. ஜனவரியில் கட்டிய 960,000 ரூபாயையும் அன்றே மூன்று திட்டங்களுக்கும் செலவாக எழுதியிருந்தால், குடிநீர்த் திட்டம் தான் இல்லாத ஆறு மாதத்துக்கும் வாடகை கட்டியதாகிறது. முற்பணம் முற்பணக் கணக்கில் கிடக்கட்டும், மாதம் 80,000 ஆக எடுத்து எழுதுங்கள். வீட்டுக்காரரிடம் வைத்திருக்கும் வைப்புப் பணம் திரும்பி வருவது, அது எந்தத் திட்டத்தின் செலவும் அல்ல. அதை ஒரு திட்டத்தில் எழுதியிருந்தால் வீட்டை விடும்போது திரும்பி வரும் பணத்தை அந்த நிதி வழங்குநருக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அப்போது அந்தத் திட்டம் மூடி மூன்று வருடமாகியிருக்கும்.

ஆவணங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கோட்டுப்படம், பிரிக்கும் முறையை எழுதி நிர்வாக சபை ஏற்றுக்கொண்ட ஒரு பக்கக் குறிப்பு, மாதாந்தக் கணக்குத் தாள். மூலப் பற்றுச்சீட்டு ஒரே கோவையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு திட்டத்தின் வவுச்சரிலும் பிரதியைப் போட்டு, 'மொத்தம் ரூ. 80,000; இதில் இந்தத் திட்டத்துக்கு ரூ. 25,600' என்று பிரதியின் மேலேயே எழுதுங்கள். எழுதாத பிரதி இரண்டு கோவையில் கிடந்தால், முழு வாடகையை இருவரிடமும் வாங்கியதாகத்தான் பார்ப்பவருக்குப் படும். நீங்களே செய்துகொள்ளக்கூடிய சோதனை ஒன்றுண்டு: எல்லாத் திட்டங்களின் பேரேட்டிலும் பொது நிதியிலும் உள்ள வாடகையைக் கூட்டி, உடன்படிக்கையில் உள்ள வருட வாடகையோடு ஒப்பிடுங்கள். கூடினால் இரண்டு தரம் எழுதியிருக்கிறீர்கள். குறைந்தால் எங்கோ ஒரு மாதம் விடுபட்டிருக்கிறது.

ஜூன் 30 அன்று செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலையையும் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலும் எல்லோரும் மறப்பது. மின்சார மானி வாசிப்பாளர் மாத முடிவில் வருவதில்லை, அவர் வரும் நாளில்தான் வருவார். ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரைக்குமான பில் உங்கள் கைக்கு வரும்போது குடிநீர்த் திட்டத்தின் கணக்கு மூடியிருக்கலாம். எனவே அன்று பின்னேரம், அலுவலகம் பூட்டும் முன், மானியின் எண்கள் தெரியும்படி கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். கடைசி பில்லில் உள்ள வாசிப்பிலிருந்து அந்த எண் வரை ஓடிய அலகுகள்தான் ஜூனில் பில் வராத நாட்களுக்குரியவை. அதைக் கடைசி பில்லில் அலகொன்றுக்குச் சராசரியாக விழுந்த விலையால் பெருக்கி, ஜூன் மாத ஆள்-நாள் விகிதத்தில் குடிநீரின் பங்கைச் செலுத்த வேண்டிய செலவாக எழுதிவிட்டு, படத்தை அச்செடுத்து அந்த வவுச்சரோடு குத்தி வையுங்கள்.